முதல் ஆவணப்படம்: எந்த வகையில் தொடங்குவது?

மார்த்தாண்டம் பக்கம் என் சித்தப்பா ஒருவர் ரப்பர் தோட்டத்துக்குள் தேன்பெட்டி வைத்திருக்கிறார். "ஏதோ ஆவணப்படம் ஆவணப்படம்னு சொல்லுவியே, எனக்கும் ஒண்ணு காட்டு மக்கா" என்று ஒரு நாள் கேட்டார். நான் பெரிய ஆள் மாதிரி, கிறிஸ் மார்க்கரின் 'சான் சோலேய்' என்ற 1983-ஆம் வருடப் படத்தைப் போட்டேன். ஊர் ஊராகப் போகிற ஒருவன் எழுதிய கடிதங்களை ஒரு பெண் வாசிக்க, ஜப்பானும் கினி-பிசாவும் மாறி மாறி வரும். கால் மணி நேரத்தில் சித்தப்பா குறட்டை விட்டார். படத்தின் மேல் தப்பில்லை, வகையைத் தேர்ந்தெடுத்த என் மேல்தான் தப்பு. இரண்டாவது தடவை எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: உங்களிடம் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

ஆவணப்படத்தில் பல வகை உண்டு. தொடங்குகிறவருக்கு மூன்று போதும்.

முதலாவது, கூடவே இருந்து கவனிக்கிற வகை. பின்னணியில் விளக்கும் குரல் இருக்காது, பேட்டியும் இருக்காது. கேமரா ஓர் ஓரமாக இருக்கும், ஆட்கள் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். இரண்டாவது, ஏற்கெனவே யாரோ எடுத்து வைத்த பழைய காட்சிகளைத் தொகுத்துச் செய்கிற வகை. ஏ. கே. செட்டியார் பல நாடுகளில் தேடிச் சேர்த்த காட்சிகளை வைத்து 1940-இல் தமிழில் வெளியிட்ட காந்தி படம் இந்த வகைதான். மூன்றாவது கட்டுரை வகை. இயக்குநர் தன் மனதில் ஓடுவதைச் சொல்லிக்கொண்டே போவார், காட்சிகள் அந்த யோசனையின் பின்னால் வரும்.

இதில் நான் வைத்துக்கொண்ட கணக்கு இதுதான்: விஷயம் உங்களுக்கு அத்துப்படி என்றால் முதல் வகை. நடந்தது என்ன என்று தெரியும், எப்படி நடந்தது என்று பார்க்க வேண்டும் என்றால் இரண்டாவது. விஷயம் எதுவானாலும் சரி, பேசுகிற ஆளைப் பிடித்தால் போதும் என்றால் மூன்றாவது.

சித்தப்பாவுக்குத் தேனீ அத்துப்படி. அதனால் அடுத்த முறை முதல் வகையில் 'ஹனிலேண்ட்' (2019). வட மாசிடோனியாவில், மின்சாரமே இல்லாத ஒரு மலைக்கிராமத்தில் ஹதிஜே என்ற பெண் படுக்கையில் கிடக்கும் தன் தாயோடு வாழ்கிறார். தேன் எடுத்து விற்பதுதான் பிழைப்பு.

படி 2: முதல் ஐந்து நிமிடம் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள்

கவனிக்கிற வகைப் படம் என்றால் சத்தம் இல்லாமலும் என்ன நடக்கிறது என்று புரியும். 'ஹனிலேண்ட்' தொடங்கும்போது ஹதிஜே செங்குத்தான மலைவிளிம்பில் நடந்துபோய், பாறையில் ஒரு கல்லை நகர்த்துகிறார். உள்ளே அடை அடையாகக் காட்டுத்தேன். இதற்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. இந்தப் படத்தை எடுத்தவர்களுக்கே ஹதிஜே பேசுகிற துருக்கி வழக்கு தெரியாது. பேச்சை நம்பாமல், காட்சியை மட்டும் பார்த்துத்தான் முதலில் வெட்டி ஒட்டினார்களாம்.

வசனம் குறைவு என்பதால் ஆங்கில எழுத்துகள் ஓடுகிற இடத்தில் மட்டும் நான் பக்கத்தில் இருந்து தமிழில் சொன்னேன். மற்ற இடங்களில் சித்தப்பாதான் எனக்குச் சொன்னார்.

ஹதிஜேயின் கணக்கு ஒன்று: பாதி எனக்கு, பாதி தேனீக்கு. அதைக் கேட்டதும் சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். நம் பக்கம் ரப்பர் தளிர் விடுகிற நாட்களில் தேன் கொட்டும், மேலறையிலிருந்து எடுத்துவிடுவோம். ஆனால் மழை தொடங்கினால் பெட்டிக்குள் சீனிப்பாகு வைத்துத்தான் தேனீயைக் காப்பாற்ற வேண்டும். "பாதியை விட்டா பாகுக்கு வேலையில்ல, இல்லியா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

பிறகு பக்கத்தில் ஒரு பெரிய குடும்பம் வந்து இறங்குகிறது. அவர்களும் பெட்டி வைக்கிறார்கள். வியாபாரி நெருக்க, அந்த வீட்டுக்காரர் தேனை ஒட்ட எடுத்துவிடுகிறார். அந்த இடத்தில் சித்தப்பா, "போச்சு, இனி அவரு ஈ போயி இவ பெட்டிய கொள்ளையடிக்கும்" என்றார். சற்று நேரம் கழித்துப் படத்திலும் அதுவே நடந்தது. பட்டினி கிடக்கிற கூடு பக்கத்துக் கூட்டின் தேனைத் திருடும். பெட்டி வைத்திருப்பவருக்கு அது கண்முன்னால் நடந்த சங்கதி. விளக்கும் குரல் இல்லாத படத்தில் அந்தக் குரலாக அவரே இருந்தார். தேனீ தெரியாத எனக்கு அந்த இடம் மெதுவாகத்தான் புரிந்தது.

ஒரு விஷயத்தில் ஏமாற வேண்டாம். மூன்று வருடம் எடுத்த, நானூறு மணி நேரத்துக்கு மேற்பட்ட காட்சிகளை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமாகச் சுருக்கியிருக்கிறார்கள். எதை விட்டார்கள், எதை முன்னால் வைத்தார்கள் என்பது அவர்கள் முடிவு. யாரும் பேசவில்லை என்பதற்காக யாரும் கதை சொல்லவில்லை என்று ஆகாது.

படி 3: பழைய காட்சி என்றால், யார் எடுத்தது என்று கேளுங்கள்

சுனாமியைப் பற்றிய ஒரு நிகழ்ச்சியை முன்பு பார்த்தேன். குரல் குளச்சலைப் பற்றிப் பேசுகிறது, திரையில் ஓடுவதோ வெளிநாட்டு ஓட்டல் நீச்சல்குளம். தொகுப்பு வகையில் அடிக்கடி நடக்கிற கோளாறு இது. பலகை எழுத்து, வண்டி நம்பர், படகின் வடிவம், இவற்றைப் பார்த்தாலே பிடித்துவிடலாம்.

நல்ல தொகுப்புக்கு 'அப்போலோ 11' (2019) சரியான தொடக்கம். 93 நிமிடம். புதிய பேட்டி கிடையாது, விளக்கும் குரல் கிடையாது. அமெரிக்க ஆவணக்காப்பகத்தில் கிடந்த 70 மி.மீ. சுருள்களையும் அன்றைய ஒலிப்பதிவுகளையும் சேர்த்துச் செய்தது. ராக்கெட்டைச் சுமந்து ஊர்ந்துவரும் பிரம்மாண்டமான சக்கரப் பட்டைகளோடு படம் தொடங்குகிறது. நிலாவில் இறங்கிவிட்டார்கள் என்று நமக்குத் தெரியும், ஆனாலும் இறங்குகிற நிமிடங்களில் கை வியர்க்கிறது. மகேந்திரகிரியில் ராக்கெட் இன்ஜின் சோதனை நடக்கிற இடத்தில் வேலை பார்க்கிறவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால், முதலில் இதைப் போடுங்கள்.

படி 4: கட்டுரை வகை என்றால் கண்ணை மூடிக் கேளுங்கள்

இதற்குச் சோதனை நேர் எதிர். ஐந்து நிமிடம் குரலை மட்டும் கேளுங்கள். அந்த ஆளோடு பஸ்ஸில் நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் வரை பேசிக்கொண்டு போவீர்களா? போவீர்கள் என்றால் பாருங்கள், இல்லை என்றால் விட்டுவிடுங்கள்.

சித்தி விஷயத்தில் இது பலித்தது. அவர் நாஞ்சில்நாட்டுப் பக்கம், சின்ன வயதில் கும்பப்பூ அறுப்பு முடிந்த வயலில் கதிர் பொறுக்கியவர். ஆன்யெஸ் வர்தாவின் 'தி க்ளீனர்ஸ் அண்ட் ஐ' (2000) என்ற பிரெஞ்சுப் படம் அறுவடைக்குப் பின் மிச்சத்தைப் பொறுக்குகிறவர்களைப் பற்றியது. விற்க முடியாது என்று வயலில் கொட்டிய உருளைக்கிழங்கில் இதய வடிவில் இருப்பதை வர்தா தேடி எடுக்கிறார். சின்ன கேமராவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, சுருக்கம் விழுந்த தன் மறு கையையே படம் எடுக்கிறார். இன்னொரு இடத்தில் கேமராவை அணைக்க மறந்துபோக, லென்ஸ் மூடி தொங்கி ஆடுகிறது. அந்த ஆட்டத்தைப் படத்திலும் விட்டுவைத்திருக்கிறார். சித்தி அங்கே சிரித்தார், ஆனால் கையைக் காட்டிய இடத்தில் ஒன்றும் பேசவில்லை.

படி 5: இருபது நிமிடம் கொடுத்துப் பாருங்கள்

அதற்கு மேல் பிடிக்கவில்லை என்றால் நிறுத்துங்கள், ஆனால் அடுத்த முறை அதே விஷயத்தில் வேறு வகையை எடுங்கள். பெரும்பாலும் கோளாறு விஷயத்தில் இருக்காது. போனில் பார்க்காதீர்கள், கீழே ஓடும் எழுத்து கண்ணுக்குத் தெரியாது. அப்புறம், மதியச் சாப்பாடு முடிந்த கையோடு எந்த வகையையும் போட வேண்டாம். சித்தப்பா தூங்கியதற்கு மார்க்கர் பாதிக் காரணம்தான், மீதி மரச்சீனியும் மீன்குழம்பும்.