அம்மிச்சிக்கு லாட்டரிக் கணக்குச் சொல்லும்போது செய்யக்கூடாதவை

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தருகிறேன். நிகழ்தகவு பாடம் முடிந்த வாரமே யாராவது ஒருவன் வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் லாட்டரிக் கணக்கைப் பேசி, சண்டையோடு திரும்பி வருவான். என் அம்மிச்சியிடம் நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

கோடியைச் சொல்லாதீர்கள்

கோடியில் ஒரு சீட்டுக்குத்தான் விழும் என்றால், "அந்த ஒண்ணு யாருக்காச்சும் விழுகுதல்ல கண்ணு?" என்பார்கள். அது சரியான கேள்வி.

"ஒரு நம்பர்ல போச்சு"

இதில் நான் செய்த தவறு இன்றும் உறுத்துகிறது. அம்மிச்சி சனிக்கிழமைதோறும் காருண்யா லாட்டரியில் இரண்டு சீட்டு எடுக்கும். மூன்று மணிக்குக் குலுக்கல், மறுநாள் பேப்பரில் முடிவு. சீட்டின் கடைசி நான்கு எண் 4718, பேப்பரில் 4738. "ஒரு நம்பர்ல போச்சு சாமி" என்று வாடிப்போகும். தேற்றுவதாக நினைத்து, "கிட்ட வந்துருச்சு அம்மிச்சி" என்பேன். அடுத்த வாரம் மூன்று சீட்டு வாங்கியது.

கிட்ட வரவேயில்லை. ஒரு நான்கு இலக்க எண்ணில் ஓர் இலக்கத்தை மட்டும் மாற்றினால், இடத்துக்கு ஒன்பது வீதம் நான்கு இடத்துக்கும் 36 எண்கள் கிடைக்கும். சிறிய பரிசுகளுக்குக் கடைசி நான்கு இலக்கம் பொருந்தினால் போதும் என்பதால், பேப்பரில் அப்படிப்பட்ட எண்கள் வரிசை வரிசையாக இருக்கும். 200 என்றே வைத்துக்கொள்வோம். 10,000 எண்களில் பரிசு 200-க்கு, அதாவது நூற்றுக்கு இரண்டு. ஆனால் ஒவ்வொரு பரிசு எண்ணையும் சுற்றி 36 எண்கள் நிற்கின்றன. ஒன்றன்மேல் ஒன்று விழுவதைக் கழித்தாலும், ஏறக்குறைய பாதிச் சீட்டுகள் "ஒரு நம்பர்ல" போகும். வாரம் இரண்டு சீட்டு எடுப்பவருக்கு, நான்கு வாரத்தில் மூன்று வாரம் அந்த ஏக்கம் வரும்.

இதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. ஒரு ஞாயிறு, ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம், மாமாவின் பைக், கரண்டு பில் என்று வீட்டில் கிடைத்த பத்து எண்களின் கடைசி நான்கு இலக்கத்தைக் காலண்டர் தாளின் பின்னால் எழுதினேன். அம்மிச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பேப்பரில் விரல் வைத்து ஒவ்வொன்றாகத் தேடியது. பரிசு ஒன்றுக்கும் இல்லை. ஆறு எண்கள் ஓர் இலக்கத்தில் தவறின.

"வாங்காத சீட்டுக்குங்கூட ஒரு நம்பர்ல போகுதே!"

விட்ட காசைக் கூட்டிக் காட்டாதீர்கள்

அதை மீட்கத்தான் அடுத்த சீட்டு எடுப்பார்கள்.

முழுக்க நிறுத்தச் சொல்லாதீர்கள்

அம்மிச்சி நிறுத்தவில்லை. சீட்டு விற்க வரும் கால் முடியாத அண்ணனிடம் பேசவும் அதற்கு ஒரு சாக்கு வேண்டும். மூன்று சீட்டு ஒன்றானது. ஞாயிறு காலை பேப்பரைப் பார்த்துவிட்டு, "இல்ல கண்ணு" என்று மட்டும் சொல்லி அடுப்படிக்குப் போய்விடும்.