ஆர்.எஃப்.பி. எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: ஒரே வரியை நான்கு பேர் நான்கு விதமாகப் படித்தால்

ஒரு நிறுவனம் தன் பழைய புகார்ப் பதிவு மென்பொருளை மாற்ற நினைத்தது. அதற்கான முன்மொழிவுக் கோரிக்கை, அதாவது எல்லோரும் ஆர்.எஃப்.பி. என்று சொல்லும் ஆவணம், வெளியானது. நான்கு முன்மொழிவுகள் வந்தன. விலைகள் 125, 100, 80, 40 என்ற விகிதத்தில் இருந்தன. மதிப்பீட்டுக் குழுவில் நானும் இருந்தேன். 40 கேட்டவர் எப்படியோ செலவைக் குறைத்துவிட்டார் என்றுதான் எல்லோரும் முதலில் நினைத்தோம்.

அவர் செலவைக் குறைக்கவில்லை, வேலையைக் குறைத்திருந்தார். அதற்கு இடம் கொடுத்தது நாங்கள் எழுதிய ஒரே ஒரு வரி: "பழைய தரவு அனைத்தையும் புதிய அமைப்புக்கு முறையாக மாற்றித் தர வேண்டும்."

எங்களுக்கு அந்த வரி தெளிவாகவே இருந்தது. ஏனென்றால் பழைய தரவு என்ன என்று எங்களுக்குத் தெரியும். 12 ஆண்டுப் புகார்கள். அதில் ஒரு பகுதி பழைய தரவுத்தளத்தில், ஒரு பகுதி எக்செல் கோப்புகளில், மிகப் பழையவை ஸ்கேன் செய்த காகிதங்களாக. படித்தவர்களுக்கு இது எதுவும் தெரியாது. ஒருவர் ஸ்கேன் பக்கங்களைத் தட்டச்சு செய்து ஏற்றுவதாகக் கணக்குப் போட்டார். இன்னொருவர் அவற்றைப் படங்களாகவே இணைப்பதாக. மூன்றாமவர் தரவுத்தளத்தையும் எக்செல்லையும் மட்டும் எடுத்துக்கொண்டார். நான்காமவர், நாங்கள் ஒரே கோப்பாகத் தொகுத்துக் கொடுத்தால் ஏற்றித் தருவதாக ஓர் அடிக்குறிப்பில் எழுதியிருந்தார். அதை நாங்கள் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் கவனித்தோம்.

நான்கு பேரும் நேர்மையாகத்தான் விலை சொன்னார்கள். நான்கு வெவ்வேறு வேலைகளுக்கு.

தவறு 1: அளவு சொல்லாமல் தேவையை எழுதுவது

மேலே உள்ள வரியில் பிரச்சினை கொடுக்கும் சொற்கள் இரண்டு: "அனைத்தையும்", "முறையாக". இவற்றோடு "தகுந்த", "உரிய", "தேவையான அளவு", "போன்றவை", "முதலியன" ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். அலுவலகக் கடிதத்தில் இந்தச் சொற்கள் பழகிப்போனவை. விலை போட உட்காருபவருக்கோ ஒவ்வொன்றும் ஒரு கேள்வி. கேட்காமல் அவரே பதில் போட்டுக்கொள்வார். வேலையைப் பெற விரும்புகிறவர் தனக்குச் செலவு குறையும் பதிலைத்தான் போடுவார்; அதில் தவறு சொல்ல முடியாது.

அந்த வரியை இப்படி எழுதியிருக்கலாம்: "மொத்தம் சுமார் 6 லட்சம் பதிவுகள். இவற்றில் 4 லட்சம் தரவுத்தளத்திலும், 1.5 லட்சம் எக்செல் கோப்புகளிலும், 50 ஆயிரம் ஸ்கேன் படங்களாகவும் உள்ளன. முதல் இரண்டு வகையின் எல்லாப் புலங்களும் புதிய அமைப்பில் ஏற்றப்பட வேண்டும். ஸ்கேன் படங்களுக்குப் புகார் எண், தேதி, முடிவு ஆகிய மூன்றை மட்டும் தட்டச்சு செய்து, படத்தை இணைத்தால் போதும். ஏற்றிய பின் 500 பதிவுகளை நாங்கள் தேர்ந்தெடுத்து மூலத்தோடு ஒப்பிடுவோம். 5-க்கு மேல் பிழை இருந்தால் முழுத் தொகுதியையும் சரிசெய்து மீண்டும் தர வேண்டும்."

வரி நீண்டுவிட்டது. பரவாயில்லை. வேலை எவ்வளவு, எங்கே முடிகிறது, முடிந்தது என்று யார் எப்படிச் சொல்வார்கள் என்ற மூன்றுக்கும் இதில் பதில் இருக்கிறது. ஒரு தேவை சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க நான் செய்வது இதுதான்: பொருள் வந்து சேர்ந்த நாளில் இந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு "ஆம்" அல்லது "இல்லை" என்று டிக் போட முடியுமா? "திரை வேகமாகத் திறக்க வேண்டும்" என்பதற்கு டிக் போட முடியாது. "200 பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்போது புகார்ப் பட்டியல் 3 நொடிக்குள் திறக்க வேண்டும்" என்பதற்குப் போடலாம்.

சரியான எண் தெரியவில்லை என்றால்? ஓர் அனுமானத்தை நீங்களே எழுதி, எல்லோரும் அதன் மேல்தான் விலை போட வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அளவு மாறினால் ஒரு பதிவுக்கு எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். அனுமானம் கொஞ்சம் பிசகினாலும் எல்லோருக்கும் ஒரே அனுமானமாக இருக்கும். விலைகளை ஒப்பிட முடியும். இதற்காகவே, நிரப்பித் தர வேண்டிய விலை அட்டவணையையும் நீங்களே இணைத்துவிடுவது நல்லது.

அப்புறம் வினைச்சொற்கள். ஓர் இடத்தில் "இருக்க வேண்டும்", இன்னோர் இடத்தில் "எதிர்பார்க்கப்படுகிறது", வேறோர் இடத்தில் "இருந்தால் நல்லது" என்று எழுதிவிட்டு, மூன்றும் கட்டாயம் என்று மனதுக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது. "வேண்டும்" என்றால் கட்டாயம், இல்லாவிட்டால் முன்மொழிவு நிற்காது. "விரும்பத்தக்கது" என்றால் மதிப்பெண் மட்டும் என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டு, ஆவணம் முழுக்க அந்த இரண்டை மட்டுமே பயன்படுத்துங்கள். கட்டாயப் பட்டியல் 80 வரியைத் தாண்டினால் சந்தேகப்படுங்கள். அதில் பாதி, யாரோ "இதையும் போட்டு வைப்போம்" என்று சேர்த்ததாக இருக்கும்.

தவறு 2: எடையை மட்டும் சொல்லி, அளவுகோலைச் சொல்லாமல் விடுவது

எங்கள் ஆவணத்தில் "தொழில்நுட்பத் தகுதிக்கு 70, விலைக்கு 30" என்று போட்டிருந்தோம். தரத்துக்குத்தான் முதலிடம் என்று நாங்களும் நம்பினோம், விண்ணப்பித்தவர்களும் நம்பினார்கள். நடந்தது வேறு.

விலை மதிப்பெண்ணுக்குப் பரவலாக உள்ள சூத்திரத்தைத்தான் எடுத்தோம்: குறைந்த விலையை ஒவ்வொருவரின் விலையாலும் வகுத்து, 30-ஆல் பெருக்க வேண்டும். 40 கேட்டவருக்கு முழு 30. 80-க்கு 15, 100-க்கு 12, 125-க்கு 9.6.

தொழில்நுட்பப் பகுதியில் "தரவு மாற்றும் முறை: 20 மதிப்பெண்" என்று எழுதியிருந்தோமே தவிர, எப்படிப்பட்ட பதிலுக்கு 20, எப்படிப்பட்டதற்கு 8 என்று எழுதவில்லை. அளவுகோல் இல்லாதபோது மதிப்பிடுபவர்கள் பத்திரமான நடு இடத்துக்குப் போவார்கள். யாருக்கும் மிகக் குறைவாகப் போட மனம் வராது. எனவே 125 கேட்டவரில் தொடங்கி 40 கேட்டவர் வரை, 100-க்கு 82, 79, 77, 75 என்று வந்தது. இதை 70-க்கு மாற்றினால் 57.4, 55.3, 53.9, 52.5.

இப்போது கவனியுங்கள். 70 எடை கொடுத்த பகுதியில் முதலாமவருக்கும் கடைசி ஆளுக்கும் இடைவெளி 4.9 மதிப்பெண். 30 எடை கொடுத்த பகுதியில் 20.4. முடிவைத் தீர்மானித்தது விலைதான். மொத்தம் 67, 67.3, 68.9, 82.5. அடிக்குறிப்புக்காரர் பெரிய வித்தியாசத்தில் வென்றார். பிறகு தரவைத் தொகுக்கும் வேலைக்குத் தனியாகக் கூடுதல் விலை கேட்டார். ஒப்பந்தப்படி அது அவர் உரிமை.

அதே முன்மொழிவுகளைப் பின்னர் நானே ஓர் அளவுகோல் எழுதி மீண்டும் மதிப்பிட்டுப் பார்த்தேன். தரவு மாற்றத்துக்கு அது இப்படி இருந்தது: முறையே சொல்லாவிட்டால் 0, பொதுவாகச் சொல்லி, மூன்று வகைத் தரவில் ஒன்றை விட்டிருந்தால் 8, மூன்றுக்கும் படிப்படியாகச் சொன்னால் 14, அதோடு சரிபார்க்கும் முறையும், இதே அளவில் முன்பு செய்த ஒரு வேலையின் சான்றும் இருந்தால் 20. மற்ற தலைப்புகளுக்கும் இதே மாதிரி. மதிப்பெண்கள் 90, 75, 62, 55 என்று விரிந்தன. முன்மொழிவுகளைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. கருத்தைச் சொல்ல இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

இதிலும்கூட 40 கேட்டவர் 68.5 வாங்கி, 72.6 வாங்கிய முதலாமவருக்கு அடுத்து இரண்டாம் இடத்துக்கு வந்துவிடுகிறார். ஒரே ஒரு மிகக் குறைந்த விலை மற்ற எல்லோரின் விலை மதிப்பெண்ணையும் இழுத்துக் கீழே போடும். அந்தச் சூத்திரத்தின் இயல்பு அது. அதனால் ஒரு வாசல் வேண்டும்: தொழில்நுட்பத்தில் 100-க்கு 60-க்குக் கீழே வந்தால் விலையைத் திறக்கவே மாட்டோம் என்று ஆவணத்திலேயே எழுதுவது. அப்படிச் செய்தால் 40 கணக்கில் வராது, குறைந்த விலை 80 ஆகிறது, மற்ற மூவரின் மொத்தம் 82.2, 76.5, 73.4 என்று அமைகிறது. இந்த வாசலை முன்மொழிவுகள் வந்த பிறகு வைக்க முடியாது. சூத்திரம், வாசல், அளவுகோல் மூன்றும் வெளியிடும் நாளிலேயே விண்ணப்பிப்பவர் கண்ணில் பட வேண்டும். எதற்கு 20 கிடைக்கும் என்று தெரிந்தால்தான் அதைப் பற்றி எழுதுவார். இல்லாவிட்டால் தன் நிறுவன வரலாற்றை 40 பக்கம் எழுதுவார்.

தவறு 3: சமர்ப்பிப்பு விதிகளைப் பழைய ஆவணத்திலிருந்து ஒட்டுவது

வாசல் வைத்தால், விலை தனிக் கோப்பாக வர வேண்டும். தொழில்நுட்பக் கோப்பில் எங்காவது விலை தெரிந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். பழைய ஆவணத்திலிருந்து ஒட்டிய விதியில் "ஒரே கோப்பாக அனுப்பவும்" என்று இருந்துவிட்டால் மேலே செய்ததெல்லாம் வீண்.

இங்கே தமிழில் ஓர் எழுத்துப் பொறி இருக்கிறது: "நிராகரிக்கப்படும்", "நிராகரிக்கப்படலாம்." முதலாவது எழுதினால் யாராக இருந்தாலும் நிராகரித்தே ஆக வேண்டும். இரண்டாவது எழுதினால் எப்போது நிராகரிப்பீர்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒரே குறை உள்ள இருவரில் ஒருவரை மட்டும் ஏற்றுக்கொண்டால் மற்றவர் முறையிடுவார், அது நியாயமும்கூட. ஆகவே குறைகளை இரண்டாகப் பிரியுங்கள். தாமதமாக வந்தது, விலை அட்டவணை இல்லாதது போன்றவற்றுக்குத் திருத்தம் கிடையாது. ஒரு சான்றின் நகல் விடுபட்டது, பக்க எண் இல்லாதது ஆகியவற்றுக்கு 2 வேலை நாள் கொடுத்துக் கேட்டு வாங்கலாம். எது எதில் சேரும் என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

கடைசி நேரத்தைத் தேதி, மணி, நேர மண்டலத்தோடு எழுதுங்கள். அனுப்பிய நேரமா, வந்து சேர்ந்த நேரமா, யாருடைய கடிகாரம் என்பதும் வேண்டும். கேள்வி கேட்பதற்கும் தனியாக ஒரு கடைசி நாள் வேண்டும். பதில்களைக் கேட்டவர் பெயரை நீக்கிவிட்டு, எண்ணிட்ட திருத்தக் குறிப்பாக எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டும். ஒருவருக்கு மட்டும் தொலைபேசியில் விளக்கினால் மறுபடியும் இரண்டு வெவ்வேறு வேலைகளுக்குத்தான் விலை வரும். பதில் வேலையின் அளவையே மாற்றினால் கடைசி நாளைத் தள்ளிப்போடுங்கள். விலையைத் திரும்பக் கணக்கிட அவர்களுக்கு நாள் வேண்டாமா?

வெளியிடும் முன் ஒரு சோதனை

எழுதிய குழுவில் இல்லாத இரண்டு பேரிடம் ஆவணத்தைக் கொடுங்கள். கூடவே ஒரு போலி முன்மொழிவையும் 5 பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: சில இடங்களில் நல்ல பதில், சில இடங்களில் மழுப்பல், ஓர் அடிக்குறிப்பில் ஒரு நிபந்தனை. தனித்தனியாக மதிப்பிடச் சொல்லுங்கள். ஒரே தலைப்பில் ஒருவர் 8, இன்னொருவர் 14 போட்டால் அந்தத் தலைப்பின் அளவுகோலைத் திரும்ப எழுத வேண்டும். அடிக்குறிப்பு நிபந்தனையை இருவருமே கவனிக்கவில்லை என்றால் ஆவணத்தில் இந்த ஒரு வரியைச் சேருங்கள்: "எல்லா அனுமானங்களும் விலக்குகளும் இணைப்பில் உள்ள படிவத்தில் மட்டுமே எழுதப்பட வேண்டும், வேறு இடத்தில் எழுதியவை கணக்கில் எடுத்துக்கொள்ளப்படமாட்டா." எங்கள் கொள்முதலில் அந்தப் படிவம் இல்லை.