2850ஐ அப்படியே போட்டால்: rpmஇலிருந்து கோண வேகத்துக்கு மாற்றும்போது விடும் பிழைகள்

வளவுக் கிணற்றில் பூட்டியிருக்கும் மோட்டரின் தகட்டைப் பாருங்கள். 0.75 kW, 50 Hz, 2850 rpm என்று இருக்கிறதென வைப்போம். அச்சுத்தண்டின் முறுக்கத்தைக் கேட்டால் P = Tω எடுத்து, ω இருக்கும் இடத்தில் 2850ஐப் போட்டு 0.26 N m என்று முடித்துவிடுவோர் பலர். அந்தச் சமன்பாட்டுக்கு ω செக்கனுக்கு எத்தனை ஆரையன் என்பதாகவே இருக்க வேண்டும். ஒரு சுற்று 2π ஆரையன், ஒரு நிமிடம் 60 செக்கன். ஆகவே

```
ω = 2850 × 2π / 60 = 298.5 rad/s
T = 750 / 298.5 = 2.51 N m
```

10 cm நீளக் கையின் நுனியில் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ தொங்கினால் வரும் முறுக்கம் இது. 0.26 என்றால் அதே நுனியில் கால் கிலோதான் தொங்கும். பம்பியைச் சுற்ற அது காணாது.

இன்னொரு பிழை பாதிவழியில் நிற்பது. 60ஆல் வகுத்ததும் 47.5 வரும், அதையே ω என்று எடுத்துவிடுவார்கள். அது செக்கனுக்கு எத்தனை சுற்று என்பது மட்டுமே. 2π விடுபட்டதால் முறுக்கம் 15.8 N m என்று ஆறு மடங்குக்கு மேல் ஊதிப்போகும். இதைப் பிடிக்க மனக்கணக்குப் போதும்: rpmஐப் பத்தால் வகுத்து, வருவதோடு அதன் நூற்றில் ஐந்தைக் கூட்டுங்கள். 285, கூட 14, ஏறக்குறைய 299. விடை இதற்குக் கிட்ட இல்லையென்றால் எங்கோ சறுக்கியிருக்கிறது.

எல்லாவற்றிலும் கள்ளமானது 314. ஆடலோட்டப் பாடத்தில் 2πf = 2π × 50 = 314 என்று பாடமாக்கியிருப்போம்; அதைத் தண்டுக்கும் போட்டுவிடுகிறோம். அது மின்னோட்டத்தின் கோண மீடிறன். இருமுனைவுத் தூண்டல் மோட்டரில் காந்தப்புலமும் 314இலேயே (3000 rpm) சுழலும், சுழலி கொஞ்சம் பின்தங்கி ஓடும். அதனால் பிழை 5% அளவில் ஒளிந்துகொள்ளும். நான்குமுனைவு மோட்டரில் புலமே 1500 rpmதான். தகட்டில் 1425 என்றிருந்தால் ω 149. 314 போட்டால் இரு மடங்குக்கு மேல் பிழை. தண்டுக்கு எப்போதும் தகட்டு rpmஐயே எடுங்கள். அதுவும் முழுச் சுமையில்தான் பொருந்தும்.

திரும்ப rpmக்கு மாற்றும்போது கல்குலேற்றரில் 298.5 × 60 ÷ 2 × π என்று அடித்தால் 28,000ஐத் தாண்டும். இடமிருந்து வலமாகக் கணிப்பதால் π கீழே போகாமல் மேலே பெருகிவிடுகிறது. 298.5 × 60 ÷ (2 × π) என அடைப்புக்குறி போட்டால் 2850 வரும். சரியான விடையைப் போல ஏறத்தாழ 9.87 மடங்கு, அதாவது π² மடங்கு வந்திருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், விடுபட்டது அந்த அடைப்புக்குறிதான்.