மரத்துக்கு ஒரே கடத்துதிறனா? அடுக்குப் பலகையின் வெப்பக் கணக்கில் சறுக்கும் இடங்கள்

மரத்தின் வெப்பக் கடத்துதிறன் என்று அட்டவணைகளில் பெரும்பாலும் ஒரே ஓர் எண்தான் இருக்கும். மென்மர வகைகளுக்கு அது 0.12-ஐ ஒட்டி இருக்கும் (அலகு W/m·K, இனி வரும் கடத்துதிறன் எண்கள் எல்லாவற்றுக்கும் அதுவே). அந்த எண் எந்தத் திசைக்கு உரியது என்று கேட்காமல் கணக்கில் போடுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

அது ரேகைக்குக் குறுக்கே வெப்பம் போகும்போது உள்ள மதிப்பு. ரேகையோடு போனால் மதிப்பு ஏறத்தாழ 1.5 முதல் 2.8 மடங்கு வரை உயரும், 1.8 மடங்கு என்று வைத்துக்கொள்வது வழக்கம். மரத்தை வைக்கோல் கட்டு போல எண்ணிப் பாருங்கள். செல்கள் ரேகையின் திசையில் கிடக்கும் நீண்ட குழாய்கள். நீளவாக்கில் போகும் வெப்பத்துக்குச் செல்சுவர் அறுபடாத பாதை. குறுக்கே போகும் வெப்பமோ சுவர், காற்று, சுவர், காற்று என்று மாறி மாறித் தாண்ட வேண்டும். இந்தக் கட்டுரையில் குறுக்கே 0.12, ரேகையோடு 0.22 என்று எடுத்துக்கொள்வோம். ஈரம் ஏறினால் இரண்டுமே கூடும்.

பிளைவுட் எல்லாவற்றையும் சமன்செய்துவிடும் என்ற நினைப்பு

பிளைவுட்டில் வெனீர் எனப்படும் மெல்லிய மரத்தாள்களை ஒன்றன் மேல் ஒன்றாக ரேகை மாற்றி ஒட்டுகிறார்கள். அதனால் எல்லாத் திசையிலும் சராசரி வந்துவிடும் என்று 0.12-க்கும் 0.22-க்கும் நடுவே 0.17-ஐ எடுத்து எல்லாத் திசைக்கும் போடுபவர்கள் உண்டு. பலகையின் தடிப்பு வழியே போகும் வெப்பத்துக்கு இது முழுத் தவறு. வெனீரை எந்தப் பக்கம் திருப்பி ஒட்டினாலும் அதன் ரேகை பலகையின் தளத்திலேயே படுத்திருக்கிறது. ஒரு வெனீரில்கூட ரேகை நிமிர்ந்து நிற்கவில்லை. ஆகவே தடிப்பு வழியே 0.12தான்.

2 மிமீ வெனீர் 9 ஒட்டிய 18 மிமீ பலகையை எடுத்துக்கொள்வோம். தடிப்பு வழியே வெப்பத்தடை 0.018 ÷ 0.12 = 0.15 m²K/W. 0.17 போட்டால் 0.106 வரும், பலகை வழியே கசியும் வெப்பம் 40 சதவீதத்துக்கு மேல் கூடுதலாகத் தெரியும். தளத்தின் ஊடே, அதாவது பக்கவாட்டில் மட்டும்தான் சராசரி பொருந்தும். அங்கும் சின்னக் கணக்கு ஒன்று இருக்கிறது: 9 என்பது ஒற்றைப்படை. மேல் வெனீரின் ரேகைத் திசையில் 5 வெனீர் ரேகையோடும் 4 குறுக்கேயும் இருப்பதால் 0.176, அதற்குச் செங்குத்தான திசையில் 0.164. இந்த வேறுபாட்டை விட்டுவிடலாம். 0.12-ஐயும் 0.17-ஐயும் குழப்புவதை விட முடியாது.

அலுமினியம் சேர்ந்ததும் பெரிதாகும் தவறு

வெறும் மரத்தில் இரண்டு திசைகளின் எண்களும் நெருக்கமாக இருப்பதால் தப்பான சராசரி பெரிய சேதம் செய்யாமல் ஒளிந்துகொள்ளும். உலோகம் சேர்ந்தால் அது வெளியே வந்துவிடும். சுவீடன், ஜெர்மனி போன்ற குளிர்நாடுகளில் மரத்தளத்துக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓட்டும்போது, குழாயைப் பிடித்துக்கொள்ளும் அலுமினியத் தகடுகளைப் பலகைக்குக் கீழே பரப்புகிறார்கள். 14 மிமீ பலகை, கீழே 0.5 மிமீ அலுமினியம் (கடத்துதிறன் 200), குழாய்க்குக் குழாய் 200 மிமீ என்று வைத்துக்கொள்வோம்.

அடுக்கின் ஊடே, அதாவது பக்கவாட்டில், அடுக்குகள் அருகருகே ஓடும் பாதைகள். கடத்துதிறனைத் தடிப்பின் எடைப்படி சராசரி எடுக்கலாம்: (14×0.17 + 0.5×200) ÷ 14.5, ஏறத்தாழ 7. அடுக்குகளைத் தாண்டி மேலே போகும்போது அவை ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் தடைகள். அங்கே தடைகளைத்தான் கூட்ட வேண்டும், கடத்துதிறனை அல்ல. மரத்தின் தடை 0.117, அலுமினியத்தின் தடை 0.0000025. ஆக மொத்தப் பலகைக்கும் சேர்த்து மேல்நோக்கிய கடத்துதிறன் 0.124. பக்கவாட்டுச் சராசரியான 7-ஐ மேல்நோக்கியும் போட்டுவிட்டால் தடை 50 மடங்குக்கு மேல் குறைந்துவிடும். தளத்தின் மேற்பரப்பு குழாய் அளவுக்கே சுடும் என்று கணக்கு சொல்லும். காலை வைத்தால் அப்படி இருக்காது.

அலுமினியம் மேல்நோக்கிய தடையில் எதையும் குறைக்கவில்லையே, பிறகு எதற்கு அது என்றால், பக்கவாட்டில் பரப்பத்தான். வெப்பம் குழாயிலிருந்து எவ்வளவு தூரம் பக்கவாட்டில் போய்ச் சேரும் என்பதை இந்த நீளம் சொல்கிறது:

```
L = sqrt(k * t / U)
```

இதில் `k`, `t` தகட்டின் கடத்துதிறனும் தடிப்பும். `U` என்பது தகட்டிலிருந்து அறைக்காற்று வரையுள்ள கடத்தல். மரத்தின் 0.117-உடன் மேற்பரப்புக் காற்றுத்தடை 0.1-ஐச் சேர்த்தால் 0.217, அதன் தலைகீழ் 4.6. கீழே நல்ல காப்பு இருப்பதால் அந்தப் பக்க இழப்பை விட்டுவிட்டோம். 0.5 மிமீ தகட்டுக்கு L ≈ 147 மிமீ. குழாயருகே தகடு 40 டிகிரி, அறை 20 டிகிரி என்றால் இரு குழாய்க்கும் நடுவே, அதாவது 100 மிமீ தள்ளி, தகடு சுமார் 36 டிகிரியில் இருக்கும். செலவு மிச்சம் என்று 0.1 மிமீ தாள் போட்டால் அதே இடத்தில் 28 டிகிரி. சமையலறை அலுமினியத் தாள் (0.016 மிமீ) விரித்தால் 21 டிகிரி, ஏறக்குறைய அறைக்காற்றேதான். அலுமினியம் என்று பெயர் இருந்தால் போதாது. கடத்துதிறன் × தடிப்பு எவ்வளவு என்பதே கேள்வி. 14 மிமீ மரம் முழுதும் பக்கவாட்டில் கடத்துவது அந்தச் சமையலறைத் தாளைவிடக் குறைவு.

இங்கேயே இன்னொரு வழுக்கல். பக்கவாட்டில் 7, மேல்நோக்கி 0.124 என்று சரியாகவே இரண்டு எண் எடுத்துவிட்டு, 14.5 மிமீ முழுவதையும் அந்த இரண்டு எண் கொண்ட ஒரே பொருளாகக் கணினியில் வரைந்துவிடுவார்கள். அலுமினியத்தைப் பொடியாக்கி மரம் முழுதும் தூவியதற்கு அது சமம். உண்மையில் அது அடியில், குழாயை ஒட்டி ஒரே தகடாக இருக்கிறது. வெப்பம் ஏறிய உடனேயே பக்கவாட்டில் ஓடுகிறது. தூவிய பலகையிலோ முழுக் கடத்தலையும் பயன்படுத்த வெப்பம் முதலில் மேலே ஏறியாக வேண்டும், மேலே ஏறுவதுதான் கடினம். விளைவு, குழாய்களுக்கு நடுவே கணக்கு உண்மையைவிடக் குளிராகக் காட்டும். ஒரே மாதிரி அடுக்கு தடிப்பு வழியே பலமுறை திரும்பத் திரும்ப வந்தால் மட்டுமே மொத்தத்தையும் ஒரே பொருளாக்கலாம். ஒற்றைத் தகடு என்றால் அதைத் தனி அடுக்காகவே வரையுங்கள்.

தகடு குழாயைக் கவ்வும் பள்ளத்தையும் பாருங்கள். மீட்டர் குழாய்க்குச் சுமார் 16 வாட் போகிறது; அதெல்லாம் ஏறத்தாழ 40 மிமீ அகலத் தொடுபரப்பு வழியேதான் நுழைய வேண்டும். பள்ளம் தளர்ந்து அரை மிமீ காற்று புகுந்தால் அங்கே மட்டும் 8 டிகிரி தொலையும். இரு தகடுகளுக்கு இடையே, குழாய்களின் நடுக்கோட்டில் விடும் இடைவெளியோ அவ்வளவாகப் பாதிக்காது. இரு பக்கமும் சமமாக இருப்பதால் அந்தக் கோட்டைத் தாண்டி எப்படியும் வெப்பம் ஓடாது. வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் நடுவில் வெட்டுங்கள், குழாயருகே வேண்டாம்.

ரேகை சாய்ந்திருந்தால் வெப்பமும் சாய்ந்து ஓடும்

சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்கு வெப்பம் நேராக ஓடும் என்பது திசைக்குத் திசை மாறாத பொருளுக்குத்தான். ரேகை 45 டிகிரி சாய்ந்த பலகையின் இரு முகங்களையும் ஒவ்வொரு வெப்பநிலையில் பிடித்தால், வெப்பநிலைச் சரிவு முகத்துக்குச் செங்குத்தாக இருக்கும். வெப்பமோ ரேகைப் பக்கமாகச் சாயும். 0.22, 0.12 என்ற எண்களுக்கு அந்தச் சாய்வு 16 டிகிரி. கார்பன் நார்-எபாக்ஸியில் நாரோடு 5, குறுக்கே 0.7 என்று எடுத்தால் 37 டிகிரி. 10 மிமீ தடிப்புக்கு 7.5 மிமீ பக்கவாட்டு நகர்வு. பின்னால் இருக்கும் சூட்டுப்புள்ளியை வெப்பக் கேமராவில் முன்முகத்தில் தேடுபவர் நேர் எதிரே தேடினால் இடம் பிசகும்.

இதைவிட நுட்பமானது ஒன்று. இந்தச் சாய்ந்த பொருளின் கடத்துதிறன் எவ்வளவு என்று கேட்டால் விடை துண்டின் வடிவத்தைப் பொறுத்தது. அகன்ற மெல்லிய பலகையில் வெப்பம் பக்கவாட்டில் நகர இடம் உண்டு. அங்கே இரு கடத்துதிறன்களின் சராசரி பொருந்தும், கார்பனுக்கு 2.85. அதையே பக்கங்களில் காப்புச் சுற்றிய ஒல்லிக் குச்சியாக அறுத்தால் பக்கவாட்டில் வெப்பம் தப்ப வழியில்லை. அங்கே தடைகளின் சராசரி எடுக்க வேண்டும், 1.23 வரும். பொருள் ஒன்று, கோணம் ஒன்று, எண்ணோ இரண்டு மடங்குக்கு மேல் வேறு. சாய்ந்த மரத்தில் 0.17-க்கும் 0.155-க்கும் உள்ள வேறுபாடுதான், அதனால் யாரும் கவனிப்பதில்லை. குச்சியில் அளந்ததைப் பலகைக்கும், பலகையில் அளந்ததைக் குச்சிக்கும் எடுத்துப் போடாதீர்கள்.

ஊசி காட்டும் எண்

சூட்டு ஊசியை மரத்தில் செருகி அளக்கும் கருவி தன்னைச் சுற்றி எல்லாப் பக்கமும் வெப்பத்தை அனுப்புகிறது. ஊசி ரேகையோடு இருந்தால் வெப்பம் குறுக்கே மட்டும் பரவும், 0.12 காட்டும். ஊசி ரேகைக்குக் குறுக்கே இருந்தால் பாதி வெப்பம் ரேகையோடும் பாதி குறுக்கேயும் போகும், காட்டுவது இரண்டின் பெருக்கல் சராசரி, sqrt(0.22×0.12) = 0.162. இதை ரேகைத் திசை மதிப்பு என்று எழுதிவைப்பவர்கள் நிறைய. இரண்டு விதமாகவும் அளந்தால் உண்மையைப் பிரித்தெடுக்கலாம்: 0.162² ÷ 0.12 = 0.22. இரு அளவுக்கும் ஒரே துண்டு, ஒரே ஈரம் இருக்க வேண்டும்.

கணினியில் அச்சு மாறுவது

கால்குலிக்ஸ் என்ற கணக்கு மென்பொருளில் கடத்துதிறனின் மூன்று எண்களும் பொருளின் சொந்த அச்சுகளின் வரிசையில் போகின்றன. அச்சைச் சாய்க்கத் தனி வரி வேண்டும்:

```
*ORIENTATION, NAME=R45, SYSTEM=RECTANGULAR
1.,1.,0.,-1.,1.,0.
*MATERIAL, NAME=MARAM
*CONDUCTIVITY, TYPE=ORTHO
0.22,0.12,0.12
*SOLID SECTION, ELSET=E, MATERIAL=MARAM, ORIENTATION=R45
```

கடைசி வரியில் `ORIENTATION=R45` விடுபட்டால் பிழைச்செய்தி வராது. கணக்கு ஓடும், பொருளின் அச்சுகளை மாதிரியின் X, Y, Z என்றே எடுத்துக்கொள்ளும். கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும். X திசையில் 10 மிமீ, Y திசையில் 200 மிமீ உள்ள தட்டையான பலகை ஒன்றை வரைந்து, X முகங்கள் இரண்டுக்கும் 1 டிகிரி வேறுபாடு கொடுங்கள். நடுப்பகுதியில் X திசை வெப்ப ஓட்டத்தைச் சரிவால் வகுத்தால் 0.17 வர வேண்டும். 0.22 வந்தால் அச்சு சாயவே இல்லை. 0.17 வந்தும் Y திசை ஓட்டம் சுழியாக இருந்தால் யாரோ சராசரியை ஒற்றை எண்ணாகப் போட்டிருக்கிறார்கள். அங்கே X திசை ஓட்டத்தில் 0.29 பங்கு இருந்தாக வேண்டும். முனைகளில், தடிப்பளவு தூரத்துக்குள், எண்கள் மாறித்தான் இருக்கும். அங்கே பக்கச்சுவர் வெப்பத்தைத் தடுக்கிறது.