கட்டிக்கொண்டிருக்கும் பிளாட் வாங்குகிறீர்களா? பணம் கட்டும் அட்டவணையைக் கொஞ்சம் காட்டுங்கள்

என் தங்கை மேடவாக்கம் பக்கம் ஒரு பிளாட் பார்த்தாள். கார் நிறுத்தும் ஸ்டில்ட்டுக்கு மேல் 5 மாடி, மொத்தம் 40 வீடு, அவள் பார்த்தது மூன்றாவது மாடியில் இரண்டு படுக்கையறை வீடு, விலை 72 லட்சம். அப்போது அங்கே அஸ்திவாரக் குழியும் ஒரு மாடல் வீடும்தான் இருந்தன. "அண்ணா, மாடல் வீடு சூப்பரா இருக்கு, ஞாயித்துக்கிழமைக்குள்ள டோக்கன் குடுத்தா சதுர அடிக்கு இருநூறு ரூபா குறைப்பாங்களாம்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை போனால் போகட்டும் என்று மூன்று வாரம் எடுத்துக்கொண்டோம். (நான்காவது வாரமும் அதே சலுகை இருந்தது, அது வேறு கதை.) அந்த மூன்று வாரத்தில் என்ன செய்தோம் என்பதை வரிசையாக எழுதுகிறேன். இது சென்னைக் கணக்கு. இங்கே கட்டடத் திட்டங்களுக்கு அனுமதி தருவது சிஎம்டிஏ. அதன் எல்லைக்கு வெளியே வாங்குகிறவர்கள் சிஎம்டிஏ என்று வரும் இடத்தில், அங்கே அதே வேலையைச் செய்யும் டிடிசிபி என்று படித்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: ரெரா எண்ணும் அனுமதி வரைபடமும்

40 வீடு கட்டும் திட்டம் என்றால் ரியல் எஸ்டேட்டை ஒழுங்குபடுத்தும் ஆணையமான தமிழ்நாடு ரெராவில் பதிவு செய்தே ஆக வேண்டும். பதிவு எண் வருவதற்கு முன் விளம்பரம் செய்யவோ முன்பதிவுப் பணம் வாங்கவோ பில்டருக்கு உரிமை கிடையாது. ஆகவே "ப்ரீ-லாஞ்ச் விலை, ரெரா நம்பர் அடுத்த மாசம் வந்துடும்" என்றால், அடுத்த மாதமே வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

எண் இருந்தால் விளம்பரத் தாளில் பார்த்ததோடு விடாமல் rera.tn.gov.in தளத்தில் போட்டுத் தேடுங்கள். பில்டர் முடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கும் தேதியை அங்கிருந்து குறித்துக்கொள்ளுங்கள். விற்பனைக்காரர் வாயால் சொல்லும் தேதியும் ரெராவில் இருக்கும் தேதியும் பல நேரம் வேறுவேறாக இருக்கும். என் தங்கை விஷயத்தில் 11 மாத வித்தியாசம்.

அப்புறம் சிஎம்டிஏ திட்ட அனுமதிக் கடிதம், உள்ளாட்சியின் கட்டட அனுமதி, முத்திரையிட்ட வரைபடம் மூன்றுக்கும் நகல் கேளுங்கள். வரைபடத்தை மேசையில் விரித்து, பக்கத்தில் பில்டரின் வண்ணப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எண்ணுங்கள். எத்தனை மாடி, ஒரு மாடிக்கு எத்தனை வீடு, உங்கள் வீடு அதே இடத்தில் அதே அளவில் இருக்கிறதா, எத்தனை கார் நிறுத்தலாம். நாங்கள் எண்ணியபோது புத்தகத்தில் "எல்லா வீட்டுக்கும் பார்க்கிங்" என்றிருந்தது, வரைபடத்தில் 34 கட்டம்தான் இருந்தது. கேட்டால் "அட்ஜஸ்ட் பண்ணிடுவோம் சார்" என்றார்கள். நாங்கள் எங்கள் பார்க்கிங்கின் எண்ணை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டோம்.

வரைபடத்தில் உள்ள சர்வே எண்ணும் பட்டா, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று இவற்றில் உள்ள சர்வே எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வில்லங்கச் சான்றை tnreginet.gov.in தளத்தில் நீங்களே போட்டுப் பார்க்கலாம், 30 வருடத்துக்குப் பாருங்கள். அதில் எம்ஓடி என்று ஒரு வரி வந்தால், நிலத்தை வங்கியில் அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதில் தப்பில்லை, ஆனால் உங்கள் வீட்டு எண்ணைக் குறிப்பிட்டு அந்த வங்கியிடமிருந்து தடையில்லாச் சான்று வராமல் ஒப்பந்தம் போடாதீர்கள். நில உரிமையாளரோடு கூட்டு ஒப்பந்தத்தில் கட்டுகிற இடமாக இருந்தால், நீங்கள் கேட்கிற வீடு பில்டர் பங்கில் இருக்கிறதா, உரிமையாளர் பங்கில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். தாய்ப்பத்திரம் முழுவதையும் படிப்பதற்கு ஒரு வக்கீலுக்குச் சில ஆயிரம் கொடுத்துவிடுங்கள், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இரண்டாவது: பில்டரின் பழைய வீடுகள்

ரெரா தளத்தில் பில்டரின் பெயரிலும் தேடலாம், ஆனால் ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு திட்டத்துக்கும் புதுசாக ஒரு நிறுவனம் தொடங்குகிறவர்கள் நிறையப் பேர். அதனால் கம்பெனி பெயரோடு நிறுத்தாமல் இயக்குநர்கள், பங்குதாரர்கள் பெயரிலும் தேடுங்கள். ரெராவின் உத்தரவுகளும் அதே தளத்தில் கிடைக்கின்றன. ஒரு புகார் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஒரே மாதிரிப் புகார் மூன்று திட்டங்களில் இருந்தால் யோசிக்க வேண்டும்.

இதைவிடப் பிரயோஜனமானது, அவர்கள் முடித்துக் கொடுத்த ஒரு கட்டடத்துக்கு நேரில் போவது. இரண்டு மூன்று வருடத்துக்கு முன் முடித்ததாக இருக்கட்டும். சாயங்காலம் ஏழு மணிக்குப் போனால் வீட்டில் ஆள் இருப்பார்கள். "பில்டர் நல்லவரா" என்று கேட்டால் பதில் வராது. நாங்கள் கேட்ட கேள்விகள் இரண்டுதான். சொன்ன தேதிக்கு எத்தனை மாதம் கழித்துச் சாவி கிடைத்தது? குடிவந்தபோது நிரந்தர மின் இணைப்பு இருந்ததா?

இரண்டாவது கேள்வி ஏன் என்றால், இந்த அளவுக் கட்டடத்துக்கு சிஎம்டிஏ நிறைவுச் சான்று இல்லாமல் நிரந்தர இணைப்பு தர மாட்டார்கள். வரைபடத்தை மீறிக் கட்டினால் அந்தச் சான்று நின்றுபோகும், குடிவந்தவர்கள் கட்டுமானத்துக்காக வாங்கிய தற்காலிக இணைப்பில், அதிகக் கட்டணத்தில் மாதக்கணக்கில் ஓட்டுவார்கள். நாங்கள் போன இடத்தில் ஒரு பெரியவர் பழைய பில்லை எடுத்துவந்தே காட்டினார். அவர்கள் ஏழு மாதம் அப்படி இருந்திருக்கிறார்கள். அதற்காக நாங்கள் இந்த வீட்டை விட்டுவிடவில்லை, ஆனால் பணம் கட்டும் அட்டவணையில் எங்கே பிடிக்க வேண்டும் என்று அந்த பில்தான் சொல்லிக்கொடுத்தது.

மூன்றாவது: அட்டவணை

பில்டர் கொடுத்த தாளில் இருந்தது இது.

முன்பதிவு 10 சதவீதம், ஒப்பந்தத்தின்போது 30, அஸ்திவாரம் 15, ஸ்டில்ட்டின் கூரையோடு சேர்த்து ஆறு கான்கிரீட் தளங்களுக்குத் தளத்துக்கு 6 வீதம் 36, செங்கல் கட்டும் பூச்சும் 4, தரை ஓடு 3, சாவி வாங்கும்போது 2.

கூட்டிப் பார்த்தால் அஸ்திவாரத்தோடு 55 சதவீதம், அதாவது 39.6 லட்சம் போய்விடுகிறது. கடைசித் தளம் போட்டதும் 91 சதவீதம், 65.52 லட்சம். அந்த நேரத்தில் அங்கே இருப்பது தூணும் தளமும் மட்டும். சுவர், பூச்சு, ஒயரிங், குழாய், கதவு, ஜன்னல், லிஃப்ட் எதுவும் இல்லை. மிச்சம் நம் கையில் 6.48 லட்சம். பணம் வந்துவிட்டதால் ஆட்களை அடுத்த சைட்டுக்கு மாற்றிவிடுவது இந்தக் கட்டத்தில்தான் நடக்கும். எலும்புக்கூடாக நிற்கிற கட்டடங்களைப் பார்த்திருப்பீர்களே.

சரி, எது நியாயம்? நிலத்துக்கு பில்டர் முன்பே செலவு செய்திருப்பார், அதனால் ஆரம்பத்தில் கொஞ்சம் அதிகம் கேட்பதில் அர்த்தம் உண்டு. ஒப்பிட ஒரு அளவுகோல் வேண்டுமென்றால் மகாராஷ்டிர ரெரா விதிகளில் உள்ள மாதிரி ஒப்பந்தத்தைப் பாருங்கள். ஒப்பந்தம் வரை 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, அஸ்திவாரமும் பேஸ்மென்ட்டும் முடியும்போது 45, எல்லாத் தளமும் முடியும்போது 70, கடைசி 5 சதவீதம் குடியேற்றச் சான்றோடு. அது இங்கே செல்லாது, ஆனால் பேரம் பேசக் கையில் வைத்துக்கொள்ளலாம். எங்கள் 91-ஐ அந்த 70-க்குப் பக்கத்தில் எழுதிக் காட்டியபோது விற்பனை மேலாளர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

சதவீதத்தை விட வார்த்தைகளில் இன்னும் கவனம் வேண்டும். தாளில் "இரண்டாம் தளம் தொடங்கும்போது" என்று இருந்தது. தொடங்குவது என்றால் என்ன? நாலு கம்பி கட்டினாலும் தொடங்கியதுதான். "தளம் போட்டு முடித்ததும்" என்று மாற்றச் சொல்லுங்கள். "தளம் முடிந்ததும் அல்லது இன்ன தேதியில், எது முந்தியோ" என்ற வரி இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள், ஏனென்றால் அதன்படி வேலை நின்றுபோனாலும் தவணை நிற்காது.

வட்டி வரியையும் படியுங்கள். எங்கள் வரைவில் நாங்கள் தாமதித்தால் 18 சதவீதம், அவர்கள் தாமதித்தால் மாதத்துக்குச் சதுர அடிக்கு ஐந்து ரூபாய் என்று இருந்தது. ரெரா சட்டப்படி இரண்டு பக்கத்துக்கும் ஒரே வட்டி விகிதம்தான். இதைச் சொன்னதும் வாதாடாமல் மாற்றிவிட்டார்கள், அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

இன்னொன்று, பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. 72 லட்சத்துக்கு 7.2 லட்சம்தான் உச்சம். "டோக்கன், அப்புறம் பதினைந்து நாளில் இருபது சதவீதம், பதிவு பிறகு" என்றால் முடியாது என்று சொல்லலாம். காசோலையை ரெராவில் பதிவான திட்டக் கணக்கின் பெயருக்கே எழுதுங்கள். வாங்குகிறவர்களிடம் வசூலிப்பதில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும், வேலை நடந்த அளவுக்கு இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் மூவரும் சான்று கொடுத்தால்தான் எடுக்கலாம். வேறு கம்பெனி பெயருக்குக் கேட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும்.

விலையோடு நிற்காத செலவும் உண்டு. இந்த வீட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், 3.6 லட்சம், ஒவ்வொரு தவணையோடும் சேர்ந்து வரும். 50 லட்சத்துக்கு மேல் என்பதால் 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்து நீங்கள்தான் அரசுக்குக் கட்ட வேண்டும். அது கூடுதல் செலவில்லை, பில்டருக்குப் போகிற தொகையில் கழிவது, மறந்தால் அபராதம் உங்களுக்கு. முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் இதற்கு மேல்.

பேசி என்ன கிடைத்தது

கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. தளத்துக்கான 6 சதவீதத்தை அசைக்க முடியவில்லை. ஒப்பந்தத்தின்போது 30 என்பது 27 ஆனது, அந்த 3-ஐக் கடைசியில் சேர்த்து, "சிஎம்டிஏ நிறைவுச் சான்றின் நகல் கொடுத்த பிறகு 5 சதவீதம்" என்று எழுதி வாங்கினோம். "தொடங்கும்போது" எல்லாம் "முடிந்ததும்" ஆனது.

அதன் பிறகு ஒவ்வொரு தவணைக் கடிதம் வந்ததும் மச்சான் சைட்டுக்குப் போய்த் தளத்தை எண்ணிப் படம் எடுத்து, வீட்டுக்கடன் கொடுத்த வங்கிக்கு அனுப்புவார். நான்காம் தளக் கடிதம் வந்த அன்று முட்டு கூடக் கட்டியிருக்கவில்லை. படத்தை அனுப்பினோம், வங்கி கடன் தவணையை விடுவிக்கவில்லை, கடிதம் மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தது. கடைசியில் வீடு தயாரானபோது "சாவி வாங்கிக்கோங்க, சான்று ரெண்டு மாசத்துல வந்துடும், பாக்கியைக் கட்டிடுங்க" என்று போன் வந்தது. 3.6 லட்சத்தை அவள் கட்டவில்லை. சான்று நான்காவது மாதம் வந்தது, அடுத்த நாள் பணம் போனது, நிரந்தர மீட்டர் மாட்டிய பிறகே பால் காய்ச்சினாள்.