கான்ஃபரன்ஸ் கால் சேரவில்லையா? ஃபோனை ரீசெட் செய்யும் முன்

போன வாரம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், இரண்டு கால்கள் ‘மெர்ஜ்’ ஆகவில்லை என்று ஃபேக்டரி ரீசெட் வரை போய்விட்டான். கடைசிப் பட்டனை அழுத்தும் முன் கையைப் பிடித்து நிறுத்தினேன். அதே பட்டனை ஒரு காலத்தில் நானும் அழுத்தியவன்தான். சிக்னல், பேலன்ஸ் எல்லாம் நீங்களே பார்த்திருப்பீர்கள், அதை விடுகிறேன்.

கால் எந்த வழியில் போகிறது என்று பார்க்காமல் ஃபோனைக் குற்றம் சொல்வது

அன்று எனக்கு முதல் கால் ஹோல்டில் நின்றது, இரண்டாவது காலும் பேச முடிந்தது. மெர்ஜ் தொட்டால் மட்டும் இரண்டு நொடி யோசித்துவிட்டு, முடியவில்லை என்று சொல்லும். ஹோல்ட் ஆகிறது, மெர்ஜ் ஆகவில்லை, அப்படியென்றால் ஃபோனில்தான் கோளாறு என்று நானே முடிவு கட்டி ரீசெட் செய்தேன். ஓடிபி உருவாக்கும் செயலியின் கணக்குகள் அத்தனையும் போயின. அவற்றை மீட்க ஒரு வாரம் அலைந்தேன். மெர்ஜ்? அப்போதும் ஆகவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

அப்புறம்தான் செய்ய வேண்டியதைச் செய்தேன். என் சிம்மை நண்பரின் ஃபோனில் போட்டேன், மெர்ஜ் ஆனது. அவருடைய சிம் வேறு நிறுவனத்துடையது. அதை என் ஃபோனில் போட்டாலும் ஆனது. ஃபோனும் சரி, சிம்மும் சரி, இரண்டும் சேர்ந்தால்தான் சிக்கல். கால் பேசும்போது மேலே இருக்கும் சின்னத்தைக் கவனித்தபோது காரணம் பிடிபட்டது. என் சிம் என் ஃபோனில் இருக்கையில், டயல் செய்த மறுகணமே 4ஜி மறைந்து 3ஜி வந்தது.

4ஜி வழியாகவே குரலையும் அனுப்பும் VoLTE-யில் பேசினால், பலரையும் ஒன்றாக இணைக்கும் வேலையை நெட்வொர்க்கில் அதற்கென இருக்கும் சர்வர் பார்த்துக்கொள்ளும். கால் 2ஜி, 3ஜிக்கு இறங்கிவிட்டால் பழைய முறை. அதில் ஹோல்ட் தனி சேவை, மல்டிபார்ட்டி எனப்படும் பலர் இணைப்பு தனி சேவை. இரண்டும் உங்கள் எண்ணின் கணக்கில் தனித்தனியாகப் பதிவாகியிருக்க வேண்டும். என் ஃபோன் மாடலுக்கு அந்த நிறுவனம் VoLTE கொடுக்கவில்லை. செட்டிங்ஸில் ஸ்விட்ச் ஆனில் இருந்தாலும் பயனில்லை. இறங்கிப்போன 3ஜியிலோ என் எண்ணுக்கு ஹோல்ட் இருந்தது, மல்டிபார்ட்டி இல்லை.

ஸ்விட்சை நம்பாதீர்கள். பல ஆண்ட்ராய்டு ஃபோன்களில் இதை டயல் செய்து, வரும் திரையில் IMS Service Status-ஐத் திறந்து பாருங்கள்:

```
*#*#4636#*#*
```

Not Registered என்றிருந்தால் VoLTE உண்மையில் ஓடவில்லை. இந்தத் திரையே வராத ஃபோன்களும் உண்டு; அப்போது கால் பேசும்போது சின்னம் மாறுகிறதா என்று பார்த்தால் போதும்.

வாடிக்கையாளர் சேவையில் ‘கான்ஃபரன்ஸ் வேலை செய்யவில்லை’ என்று சொன்னால் ஃபோனை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்வார்கள். எனக்கும் இரண்டு முறை அதேதான் சொன்னார்கள். மூன்றாம் முறை, ‘என் எண்ணுக்கு மல்டிபார்ட்டி சேவை பதிவாகியிருக்கிறதா?’ என்று கேட்டேன். இல்லை என்றார்கள், சேர்த்தார்கள். அன்று மாலையே மூன்று பேர் ஒரே காலில் பேசினோம்.

கால் வெயிட்டிங்கையும் கான்ஃபரன்ஸையும் குழப்புவது

நீங்களே இரண்டு பேரையும் அழைத்து இணைப்பதற்குக் கால் வெயிட்டிங் தேவையில்லை. பேசிக்கொண்டிருக்கும்போது உள்ளே வரும் காலைப் பிடித்து இணைக்கத்தான் அது வேண்டும். நிலையைப் பார்க்க `*#43#`, ஆன் செய்ய `*43#`. செட்டிங்ஸில் அந்த ஸ்விட்ச் பிழை காட்டினால் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவை ஆன் செய்து பாருங்கள். VoLTE-யில் சில நெட்வொர்க்குகள் இந்த மாற்றத்தை டேட்டா வழியாகத்தான் வாங்கிக்கொள்கின்றன.

இரண்டு சிம்மிலிருந்து இரண்டு கால்

சேராது. இரண்டையும் ஒரே சிம்மிலிருந்து அழையுங்கள்.

டயலர் செயலியைச் சோதிக்காமல் விடுவது

ஒரு கால் ஹோல்டில், இன்னொன்று பேச்சில் இருக்கும்போது கீபேடில் 3 தட்டி கால் பட்டனை அழுத்த இடம் தரும் ஃபோன்களில், அதுவே மெர்ஜ் கட்டளை. இதில் சேர்ந்துவிட்டால் நெட்வொர்க் நன்றாக இருக்கிறது, செயலியின் பட்டன்தான் சொதப்புகிறது.

ஹோல்டில் பாட்டு வரவில்லை என்று பதறுவது

பாட்டு போடுவதும் போடாததும் நெட்வொர்க்கின் விருப்பம். மறுமுனையில் அமைதியாக இருந்தாலும் ஹோல்ட் ஆகியிருக்கிறது.

ஆறாவது ஆளைச் சேர்க்க முயல்வது

பழைய முறையில் உங்களைத் தவிர ஐந்து பேர்தான்.

இணைத்தவரே முதலில் ஃபோனை வைப்பது

பெரும்பாலும் மற்றவர்கள் காலும் சேர்ந்தே அறுந்துவிடும்.