விவசாய வருமானம் பற்றி வருமான வரி நோட்டீஸ் வந்தால்: பதிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பது, இங்கே நாம் பார்க்கப்போகும் 2023-24 நிதியாண்டுக்குப் பொருந்தும் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(1) பிரிவிலேயே இருக்கிறது. அதை அதிகாரியும் மறுக்கப்போவதில்லை. 143(2) அல்லது 142(1) பிரிவில் நோட்டீஸ் அனுப்பி அவர் கேட்பது, கணக்கில் காட்டிய தொகை உண்மையிலேயே வயலில் இருந்துதான் வந்ததா என்பதை. பட்டா நகலை இணைத்து, "நான் விவசாயி, எனக்கு வரிவிலக்கு உண்டு" என்று இரண்டு வரி எழுதி அனுப்பினால் அந்தக் கேள்வி அப்படியே நிற்கும்.

ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஈரோடு மாவட்டத்தில் நான்கு ஏக்கர் மஞ்சள் போட்ட ஒருவர். ஏக்கருக்கு 22 குவிண்டால் காய்ந்த மஞ்சள் என்றால் மொத்தம் 88 குவிண்டால். குவிண்டாலுக்கு 12,000 ரூபாய் வீதம் விற்றதில் 10,56,000 ரூபாய் வந்தது. விதைக் கிழங்கு, உரம், ஆள் கூலி, வேக வைக்க, பாலிஷ் போட எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு 1,20,000 வீதம் செலவு 4,80,000. மிச்சம் 5,76,000. இதெல்லாம் 2023-24 நிதியாண்டுக் கணக்கு. அவருக்கு வேறு வருமானமும் இருப்பதால் ரிட்டர்ன் தாக்கல் செய்தார், நோட்டீஸ் வந்தது.

அவர் செய்யக்கூடிய முதல் தவறு, பட்டா சிட்டாவோடு நிறுத்திக்கொள்வது. நிலம் யாருடையது என்பதற்குத்தான் பட்டா. அதில் என்ன விளைந்தது என்பதைச் சொல்வது அடங்கல். கிராம நிர்வாக அலுவலர் பராமரிக்கும் அந்தப் பதிவில் புல எண் வாரியாகப் பயிரும் பரப்பும் இருக்கும். அதிகாரிக்கு முக்கியமாக வேண்டியது அதுதான்.

அடங்கல் வாங்கும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். அடங்கல் பசலி ஆண்டுப்படி எழுதப்படுகிறது, ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. வருமான வரிக்கு ஏப்ரல் முதல் மார்ச். ஆக 2023-24 நிதியாண்டு 1432, 1433 என்ற இரண்டு பசலிகளிலும் கால் வைத்து நிற்கிறது. நம் மஞ்சள்காரர் 2022 ஜூனில் நட்டு, 2023 பிப்ரவரி, மார்ச்சில் அறுவடை செய்து, விலை ஏறட்டும் என்று குடோனில் இருப்பு வைத்து, ஆகஸ்ட், செப்டம்பரில் விற்றவர். விற்ற ஆண்டைப் பார்த்து 1433 பசலி அடங்கலை மட்டும் கொடுத்தால், அதில் அடுத்து போட்ட நிலக்கடலையோ சோளமோதான் இருக்கும், மஞ்சள் இருக்காது. ஒன்றும் ஒளிக்காதவர் பொய் சொன்னதுபோல் ஆகிவிடும். 1432 பசலி அடங்கலையும், இருப்பு வைத்த குடோன் ரசீதையும் சேர்த்துக் கொடுத்து, ஏன் ஆறு மாதம் கழித்து விற்றோம் என்று ஒரு வரி எழுத வேண்டும்.

அடங்கலில் பயிரே தவறாகப் பதிவாகியிருப்பதும் நடக்கும். அப்போது பயிர்க் கடன் வாங்கிய கூட்டுறவுச் சங்கத்தின் ஆவணம் கைகொடுக்கும், ஏனென்றால் அதில் பயிரும் ஏக்கரும் இருக்கும். உர ரசீது, பயிர்க் காப்பீடு, கிராம நிர்வாக அலுவலரின் சாகுபடிச் சான்று ஆகியவையும் உதவும். பட்டா இறந்துபோன அப்பா பெயரிலேயே இருந்தால் வாரிசுச் சான்றும், மற்ற வாரிசுகள் "இந்தப் பகுதியில் இவர்தான் பயிர் செய்கிறார்" என்று எழுதிக் கொடுக்கும் கடிதமும் தேவை. கூட்டுப் பட்டாவில் உள்ள மொத்தப் பரப்பையும் தன் பங்காகக் காட்டிவிடக் கூடாது. குத்தகை வாய்மொழியாக இருந்தால் நில உரிமையாளரிடம் கடிதம் வாங்குங்கள்.

அடுத்தது ரசீது. 88 குவிண்டாலில் 50 குவிண்டால் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் விற்று, 6,00,000 ரூபாய் வங்கிக்கு வந்தது. அதற்குச் சிக்கலே இல்லை. மீதி 38 குவிண்டாலை ஒரு வியாபாரியிடம் 16, 12, 10 குவிண்டாலாக மூன்று தனித்தனி நாள்களில் ரொக்கத்துக்கு விற்றார்: 1,92,000, 1,44,000, 1,20,000. ஒவ்வொன்றும் 2 லட்சத்துக்குக் கீழே இருப்பது நல்லது. ஒருவரிடம் ஒரே நாளிலோ ஒரே பரிவர்த்தனையிலோ 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை 269எஸ்டி பிரிவு தடுக்கிறது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். வரிவிலக்கு இருந்தாலும் இதற்கு விலக்கில்லை.

இங்கே நடக்கும் மோசமான காரியம், நோட்டீஸ் வந்த பிறகு வியாபாரியிடம் போய்ப் பழைய தேதி போட்டு பில் எழுதி வாங்குவது. மூன்று தேதி, ஒரே மை, அடுத்தடுத்த பில் எண். பார்த்தாலே தெரிந்துவிடும். 133(6) பிரிவில் அந்த வியாபாரிக்கே கடிதம் போட்டு அவர் கணக்கைக் கேட்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. துண்டுச் சீட்டு மட்டும்தான் இருந்தால் அதையே கொடுத்து, இன்றைய தேதியிட்டு வியாபாரி தரும் உறுதிக் கடிதத்தை இணைப்பதே நேர்மையான வழி, பாதுகாப்பானதும்கூட.

ரசீது சரியாக இருந்தும் தேதி காலை வாரிவிடலாம். ரொக்க விற்பனை ஆகஸ்ட் 14, ஆகஸ்ட் 28, செப்டம்பர் 11 ஆகிய நாள்களில் நடந்தது என்போம். அவரோ ஆகஸ்ட் 20-ஆம் தேதியே 3,00,000 ரூபாய் வங்கியில் கட்டியிருக்கிறார். அன்றைக்குள் விற்பனையில் கைக்கு வந்த ரொக்கம் 1,92,000தான். மீதி 1,08,000 எங்கிருந்து வந்தது? விளக்கம் இல்லாவிட்டால் அதை 69ஏ பிரிவில் கணக்கில் வராத பணமாகச் சேர்ப்பார்கள். அந்த ஆண்டுக்கு அதன் மேல் கூடுதல் வரி, செஸ் உட்பட 78 சதவீதம், அதாவது 84,240 ரூபாய். ஜூலையில் வங்கியில் எடுத்த பணம் செலவாகாமல் கையில் இருந்திருக்கலாம், பாஸ்புத்தகத்திலேயே அதற்குச் சான்று கிடைக்கும். ஆனால் நீங்கள்தான் அதை எடுத்துக் காட்ட வேண்டும். தேதி, வரவு, வங்கியில் கட்டியது, வீட்டுச் செலவு, கை இருப்பு என்று ஒரு பக்கத்துக்கு ரொக்கக் கணக்கு எழுதிப் பாருங்கள். கை இருப்பு எந்த இடத்திலாவது மைனஸ் போனால், அதிகாரி கேட்கப்போகும் கேள்வி அந்த இடத்தில்தான் இருக்கிறது.

ரிட்டர்னில் விற்பனைத் தொகை 10,56,000-ஐ நிகர வருமானமாகப் போட்டுவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. மொத்த வரவு, செலவு, நிகரம் மூன்றும் தனித்தனியாகக் கேட்கப்படுகின்றன. வேறு வருமானம் உள்ளவருக்கு விவசாய நிகரம் வரி விகிதத்தைக் கணக்கிடவும் பயன்படுவதால், அதை ஊதிக் காட்டினால் மற்ற வருமானத்தின் வரி ஏறும். நிகரம் 5 லட்சத்தைத் தாண்டினால் நிலம் உள்ள மாவட்டம், பின்கோடு, ஏக்கர், சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்பதையும் ரிட்டர்னிலேயே நிரப்பியிருப்பீர்கள். பதில் அதோடு ஒத்துப்போக வேண்டும். பட்டாவில் 1.62 ஹெக்டேர் என்று இருக்கும், ரிட்டர்னில் நான்கு ஏக்கர். இரண்டும் ஒன்றுதான் என்று எழுதிவிடுங்கள்.

மஞ்சளை வேக வைத்து, காய வைத்து விற்பது விவசாயி வழக்கமாகச் செய்யும் பக்குவம் என்பதால் விலக்கு தொடரும். அரைத்துப் பொடியாக்கி பாக்கெட் போட்டு விற்றால் அந்தப் பகுதி லாபம் வியாபார வருமானம். பால், கோழி வரவையும் விவசாயத்தில் கலந்துவிடாதீர்கள்.

இன்னொன்று, பலருக்குத் தோன்றாதது. அதிகாரியை நேரில் பார்க்காமல் எல்லாம் ஆன்லைனிலேயே நடக்கும் முகமறியா முறையில் உங்கள் கோப்பு எந்த மாநிலத்து அதிகாரியிடமும் போகலாம். தமிழ் அடங்கலை அவரால் படிக்க முடியாமல் போகலாம். ஒவ்வொரு தமிழ் ஆவணத்துக்கும் பின்னால் ஆங்கில மொழிபெயர்ப்பை வையுங்கள். கேள்வி எண் போட்டு, அந்தப் பதிலுக்கான இணைப்பு எது என்று குறித்து அனுப்புங்கள். அடங்கல் கிடைக்கத் தாமதமானால் கெடு முடிவதற்குள் போர்ட்டலிலேயே அவகாசம் கேட்டுவிடுங்கள். பதிலே போகாவிட்டால் 144 பிரிவின்படி அதிகாரி தன் கையில் இருப்பதை வைத்து முடிவெடுப்பார், அப்போது அவர் கையில் இருப்பது பெரும்பாலும் உங்கள் வங்கிக் கணக்கு விவரம் மட்டும்தான்.